சிரித்தவர்கள் நாற்பது பேர்

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேச்சின் நடுவே வந்த சில கிளைக்கதைகளை நீக்கியிருக்கிறேன்.)



பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் தொடர்ந்து வதைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். குற்றம் செய்தவனைத் தண்டிப்பதா, பள்ளி முழுவதையும் மாற்ற முயல்வதா என்பது கேள்வி. இரண்டும் வேண்டும் என்று சொல்லி அரை மணி நேரத்தில் நான் உட்கார்ந்துவிடலாம். உங்களுக்கும் நிம்மதி. ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தண்டனை ஒருவனைத் தொடுகிறது. வதைக்குத் தீனி போடுகிறவர்களை அது தொடுவதே இல்லை. இன்று நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான். அதை ஆறு குறிப்புகளாகப் பிரித்துக்கொள்கிறேன்.

1

முதலில் சொல். இதற்குத் தமிழில் நல்ல சொல் அமையவில்லை. கேலி, கிண்டல், சீண்டல் எல்லாமே விளையாட்டின் பக்கம் சாய்கின்றன. "சும்மா கிண்டலுக்குத்தான் சார்" என்று சொன்னவுடன் பாதி வழக்கு தள்ளுபடியாகிவிடுகிறது. கொடுமை என்றால் போலீஸ் வரவேண்டிய அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. ராகிங் என்பது கல்லூரிச் சங்கதி. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதையும், அதற்கடுத்த ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்ததையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஆனால் எட்டாம் வகுப்பில் நாள்தோறும் நடப்பது வேறு ஒன்று. நான் இங்கே வதை என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார். புண்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். இருவருக்கும் இடையே வலுவில் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். சம வலுவுள்ள இருவர் கட்டிப் புரண்டால் அது சண்டை. நம் ஊரில் வலு என்பது புஜத்தில் மட்டும் இல்லை. எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை, கையில் என்ன நிறக் கயிறு, நிறம், உடல், நாக்கு என்று எத்தனையோ வடிவங்களில் அது வகுப்புக்குள் வருகிறது.

2

இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, இந்த மாவட்டத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்குவாய். வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டுமல்லவா? அந்த முதல் எழுத்தில் அவன் நின்றுவிடுவான். உ... உ... உ... என்று மூச்சு முட்டும். ஒருநாள் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "முள்ளை மாத்துங்கடா" என்றது. கீறல் விழுந்த இசைத்தட்டில் முள் ஒரே இடத்தில் குதிக்கும், நினைவிருக்கிறதா? வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் ரெக்கார்டு.

சொன்னவன் லாரி வைத்திருந்த ஒருவரின் மகன். கபடியில் கெட்டிக்காரன். இரண்டு வாரம் கழித்து, திக்குகிற பையன் பள்ளிக்கு வரவே பயப்படுகிறான் என்று அவன் அம்மா வந்து அழுதார். நான் லாரிக்காரர் மகனை மேடைக்கு அழைத்து, எல்லோர் முன்னாலும் பிரம்பால் அடித்தேன். முட்டி போட வைத்தேன். தலைமையாசிரியர் அப்பாவை வரச்சொல்லி, "இன்னொரு தடவை புகார் வந்தால் டி.சி." என்றார். நீதி கிடைத்துவிட்டது என்று நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் ரெக்கார்டு என்று சொல்லவில்லை. அவன் பெயரை நான் படித்ததும் யாரோ ஒருவன் விரல் நகத்தால் பெஞ்சைத் தட்டுவான். டக், டக், டக். முள் குதிக்கிற ஓசை. யார் என்று கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்தாலும் பெஞ்சைத் தட்டியதற்கு என்ன தண்டனை தர முடியும்? மாலையில் டவுன் பஸ்ஸில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். போட்டுக்கொடுத்தவன் என்ற இரண்டாவது பெயரும் அவனுக்குச் சேர்ந்துகொண்டது. அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. டி.சி. வாங்கவும் யாரும் வரவில்லை.

நான் அடித்தது ஒருவனை. சிரித்தவர்கள் நாற்பது பேர். அவர்களிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வயதுக்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது. "முள்ளை மாத்துங்கடா" என்று முதல் நாள் குரல் வந்தபோது, என் உதடும் கொஞ்சம் விரிந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

இன்றைக்கு அந்தப் பிரம்பும் சட்டப்படி கிடையாது, அந்த டி.சி. மிரட்டலும் கிடையாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவின்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. கையைக் கட்டிப்போட்டுவிட்டார்கள் என்று ஆசிரியர் நண்பர்கள் வருந்துகிறார்கள். அந்தக் கை அவிழ்ந்திருந்த காலத்தில் நான் இருந்தேன், அதன் பலனைத்தான் இப்போது சொன்னேன். அமெரிக்கப் பள்ளிகளில் சிறு தவறுக்கும் இடைநீக்கம் என்ற கடுமையான கொள்கை பல ஆண்டுகள் நடந்தது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த பணிக்குழு அதன் விளைவுகளை ஆராய்ந்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. பள்ளிகள் அதனால் பாதுகாப்பாகின என்பதற்குச் சான்று இல்லை, இடைநீக்கம் பெற்ற பிள்ளைகள் பின்னால் மேலும் தவறு செய்யும் வாய்ப்பே கூடுகிறது என்பது அவர்கள் கண்டது.

தண்டனையை விட்டால் பள்ளிகள் கையாளும் இன்னொரு வழி உண்டு. அடிபட்ட பிள்ளையை ஒதுக்கிவைப்பது. இடத்தை மாற்று, பிரிவை மாற்று, வேறு பள்ளிக்கு அனுப்பு. இந்த ஊரிலேயே அதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. முத்துலட்சுமி இங்கே மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது பெற்றோர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்தார். ஆனால் வகுப்பில் பையன்களின் கண்ணில் படாதபடி அந்தப் பெண்ணைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பிற்காலத்தில் அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாகி, சட்டமன்றத்துக்குப் போனார், அது வேறு கதை. திரையைக் கவனியுங்கள். பையன்களின் பார்வையைத் திருத்துவதைவிடத் துணி கட்டுவது எளிது.

3

இனி அந்த நாற்பது பேரிடம் வருவோம்.

கனடாவில் டெப்ரா பெப்லரும் வெண்டி கிரெய்கும் அவர்களது சக ஆய்வாளர்களும் டொராண்டோ பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பதிவு செய்தார்கள். பிள்ளைகளின் உடையில் ஒலிவாங்கியும் இருந்தது. வதை நடந்த தருணங்களில் பெரும்பாலானவற்றில் வேறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். 1999இல் வந்த அவர்கள் கட்டுரைப்படி, சுற்றி நின்றவர்கள் பாதிக்கும் மேற்பட்ட நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஐந்தில் ஒரு பங்கு நேரம் வதைப்பவனோடு சேர்ந்துகொண்டார்கள், கால் பங்கு நேரம் மட்டும் வதைபடுபவனுக்காகக் குறுக்கே வந்தார்கள். அப்படிக் குறுக்கே வந்தபோது என்ன ஆயிற்று? பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் பத்து விநாடிக்குள் வதை நின்றுவிட்டது. எந்த வாத்தியாரால் பத்து விநாடியில் முடியும்?

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தினா சால்மிவல்லி 1996இல் இதற்கு ஒரு வரைபடம் கொடுத்தார். வகுப்பில் வதைப்பவன் உண்டு, வதைபடுபவன் உண்டு. கூடவே கையாள் உண்டு, சிரித்து உற்சாகப்படுத்துகிறவன் உண்டு, எனக்கென்ன என்று விலகி நிற்பவன் உண்டு, அரிதாகத் தடுத்துப் பேசுகிறவனும் உண்டு. வதைப்பவன் தேடுவது அந்தஸ்து. அதைக் கொடுப்பது வதைபடுபவன் அல்ல, பார்ப்பவர்கள். என் பிரம்படி லாரிக்காரர் மகனுக்கு இன்னொரு பதக்கம், அவ்வளவுதான். அத்தனை அடி வாங்கியும் அழாதவன் என்று பெயர் எடுத்துவிட்டான்.

இதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1991, 92இல் அறிவொளி இயக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். முதலில் ஓட்டிய பெண்கள் ரோட்டில் என்ன பேச்சு வாங்கினார்கள் என்பதை இங்கே இருக்கும் அம்மாக்கள் சிலரே சொல்வார்கள். கேலி பேசிய ஒவ்வொருவனையும் பிடித்துக் கேஸ் போட்டா அது அடங்கியது? ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டினார்கள், ஊரே கூடி நின்று பழக்கிவிட்டது. கேலி பேசியவனோடு சேர்ந்து சிரிக்க ஆள் இல்லாமல் போனது. ஒரு கேலிக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

4

பள்ளி முழுவதையும் மாற்றுவது என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது என்னதான் செய்கிறார்கள்? காலை வழிபாட்டில் உறுதிமொழி எடுப்பதா? இல்லை. பின்லாந்தின் கிவா திட்டத்தை எடுத்து, என் பழைய எட்டாம் வகுப்பில் பொருத்திப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கெடுப்பு. பெயர் எழுதாத தாளில் பிள்ளைகள் பதில் எழுதுகிறார்கள். கடந்த இரண்டு மாதத்தில் உனக்கு இது நடந்ததா, எத்தனை முறை, எங்கே? மாதம் இரண்டு மூன்று முறையோ அதற்கு மேலோ நடந்தால் வதை என்று கணக்கு. எங்கே என்பதற்கு நம் ஊரில் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துப் பள்ளியின் படம் வரையச் சொன்னால் போதும். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வை என்றால், புள்ளிகள் கழிப்பறைச் சுவருக்குப் பின்னாலும் சைக்கிள் நிறுத்துமிடத்திலும் தண்ணீர்க் குழாயடியிலும் குவியும். பஸ்ஸை வரையச் சொல்ல மறந்தாலும் சிலர் ஓரத்தில் ஒரு பஸ் வரைந்து கடைசி சீட்டில் புள்ளி வைப்பார்கள். இடைவேளையில் ஆசிரியர் நிற்க வேண்டிய இடம் அப்போது தெரியும். பின்லாந்தில் இடைவேளைக் கண்காணிப்பாளர்கள் பளிச்சென்ற நிறத்தில் மேற்சட்டை அணிந்துகொண்டு நிற்கிறார்கள், தூரத்திலிருந்தே தெரிவதற்காக.

இரண்டாவது, வகுப்புப் பாடம். ஓராண்டில் சுமார் இருபது மணி நேரம். அறிவுரை இல்லை. ஒரு காட்சியை நடித்துப் பார்ப்பது, சிரித்தவன் ஏன் சிரித்தான் என்று அவனையே சொல்ல வைப்பது, சிரிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசிப்பது. தடுத்துப் பேசும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. ஆனால் சிரிக்காமல் இருக்கலாம், அடுத்த பாடவேளையில் அவன் பக்கத்தில் போய் உட்காரலாம், சாப்பாட்டு வரிசையில் கூட நிற்கலாம். இவை எல்லாப் பிள்ளைகளாலும் முடியும்.

மூன்றாவதுதான் புகார் வந்த பின் நடப்பது. பள்ளியில் மூன்று ஆசிரியர்கள் கொண்ட குழு இருக்கும். முதலில் அவர்கள் வதைபடும் பிள்ளையோடு தனியாகப் பேசுகிறார்கள். பிறகு வதைப்பவர்களை ஒவ்வொருவராக, ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொள்ள இடமில்லாமல், அடுத்தடுத்து அழைக்கிறார்கள். நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டு, அதை எழுதிக்கொள்கிறார்கள். பின்னர் அவர்களைக் கூட்டாக உட்கார வைத்துப் பேசுகிறார்கள். சில நாள் கழித்து, சொன்னது நடந்ததா என்று இரு தரப்பையும் மறுபடி அழைத்துக் கேட்கிறார்கள். இதற்கிடையே வகுப்பாசிரியர், பிள்ளைகள் மத்தியில் செல்வாக்குள்ள இரண்டு மூன்று பேரைத் தனியே அழைத்து, அந்தப் பையனுக்குத் துணையாக இருக்க வழி கேட்கிறார். என் வகுப்பில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் கிளாஸ் லீடர். அவனிடம் நான் கேட்டதெல்லாம், பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதைத்தான்.

பலன் என்ன? நார்வேயில் 1982இன் இறுதியில் வதையால் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, அடுத்த ஆண்டு நாடளாவிய இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரில் 42 பள்ளிகளில் சுமார் 2,500 பிள்ளைகளை ஓல்வேயஸ் பின்தொடர்ந்தார். வதை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்றார். அதன் பிறகு வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய குறைவைக் காட்டவில்லை. காஃப்னி, டோஃபி, ஃபாரிங்டன் ஆகியோர் 2019இல் நூறு மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வதைப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும், வதைபடுவது அதைவிடச் சற்றுக் குறைவாகவும் குறைந்தது தெரிந்தது. ஐந்தில் ஒன்றுதானா என்று நீங்கள் கேட்கலாம். ஐநூறு பேர் படிக்கும் பள்ளியில் ஐம்பது பிள்ளைகள் வதைபட்டால், ஏழெட்டுப் பேர் நிம்மதியாகப் பஸ் ஏறுகிறார்கள். எனக்கு அது சிறிதாகத் தெரியவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கிவா சின்ன வகுப்புகளில் நன்றாக வேலை செய்தது, ஏழு முதல் ஒன்பதுவரையிலான வகுப்புகளில் பலன் கலப்பாகவே இருந்தது. அடுத்தது என்னை மிகவும் உறுத்துவது. ஒரு வகுப்பில் வதை வெகுவாகக் குறைந்தபின், மிஞ்சி வதைபடும் ஓரிரு பிள்ளைகளின் நிலை முன்பைவிட மோசமாகிறது என்று அதே பின்லாந்து ஆய்வாளர்களே கண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நடந்தால் உலகம் இப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு மட்டும் நடந்தால், என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கோப்பை மூடும் பள்ளி அந்தப் பிள்ளையைக் கைவிடுகிறது.

இன்னொன்று, தலைமையாசிரியர்களுக்காக. திட்டம் தொடங்கிய முதல் ஆண்டில் புகார்கள் கூடினால் பதறாதீர்கள். முன்பு சொல்லாமல் இருந்தவர்கள் இப்போது சொல்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம் இருக்கலாம். பெயர் எழுதாத கணக்கெடுப்பில் எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள். புகாரே வராத பள்ளியைக் கண்டு மெச்சுகிற அதிகாரி, தப்பான பதிவேட்டைப் பார்க்கிறார்.

5

நார்வேயும் பின்லாந்தும் எங்கே, நாம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம். அதனால் பீகாருக்குப் போவோம்.

நாளந்தா மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சங்கத் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் சேஹர் என்ற திட்டத்தை நடத்தினார்கள். முடிவுகள் 2018இல் லான்செட் இதழில் வந்தன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். 75 பள்ளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் வழக்கமான பாடம் மட்டும். இன்னொரு பகுதியில் அதே பள்ளி ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துத் திட்டத்தை நடத்தச் சொன்னார்கள். மூன்றாவது பகுதியில் உளவியல் பட்டமெல்லாம் இல்லாத உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, முழுநேரமாகப் பள்ளியில் வைத்தார்கள். சேஹர் மித்ரா என்று பெயர், மித்ரா என்றால் நண்பர். வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சுவர் இதழ், போட்டிகள், குழுக் கூட்டங்கள், மனதில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி, தேவைப்பட்டவர்களுக்குத் தனி ஆலோசனை.

எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், மித்ரா இருந்த பள்ளிகளில் வதை குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, பள்ளியில் ஆசிரியர் மாணவர் உறவு மேம்பட்டது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில், திட்டமே இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆசிரியர்களை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை, நானும் அந்த ஜாதிதான். யோசித்துப் பாருங்கள். உங்கள் கணக்கு வாத்தியார்தான் உங்களுக்கு மதிப்பெண் போடுகிறார், செய்முறைத் தேர்வில் கையெழுத்துப் போடுகிறார், ஊரில் லாரிக்காரரோடு டீ குடிக்கிறார். அவரிடம் போய் மனதைத் திறப்பீர்களா? அவருக்கும் பாடம் முடிக்க வேண்டும், எமிஸ் பதிவேற்ற வேண்டும், இலவச நோட்டுப் புத்தகம் எண்ண வேண்டும். நார்வேயிலும் இதன் நிழல் உண்டு. பெர்கனில் ஆய்வாளர்கள் பள்ளிகளோடு தொடர்ந்து தொடர்பில் இருந்தார்கள். அதே இயக்கத்தின் பொருள்கள் போய்ச் சேர்ந்த ரோகலாந்து பகுதியில் அந்த அளவு துணை இல்லை. அங்கே எர்லிங் ரோலண்ட் மதிப்பிட்டபோது பெர்கன் போன்ற பலன் கிடைக்கவில்லை. ஒரே புத்தகம், ஒரே நாடு. பெர்கனில் கூட நின்றவர்கள் இருந்தார்கள், ரோகலாந்தில் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு நாங்குநேரிக்கு வாருங்கள். 2023 ஆகஸ்ட் 9. பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன். உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் தொடர்ந்து தொல்லை கொடுத்ததால் சில நாள் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோது சொல்லிவிட்டான். புகார் ஆனது. இரவு வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. யாரைத் தண்டிப்பது என்ற கேள்விக்கு அங்கே சட்டத்தில் பதில் இருக்கிறது. என் கேள்வி வேறு. புகார் சொன்ன நேரத்துக்கும் அரிவாள் வந்த நேரத்துக்கும் நடுவே இருந்த சில மணி நேரத்துக்குப் பள்ளிக்கூடத்திடம் என்ன திட்டம் இருந்தது? புகார் கொடுத்தவனின் பெயர் யாருக்குத் தெரியலாம், அன்று மாலை அவன் எப்படி வீட்டுக்குப் போவான், வீட்டில் அன்றிரவு யார் இருப்பார்கள், எதிர்த் தரப்புப் பெற்றோரிடம் யார் பேசுவது? இவை எந்தப் பள்ளியிலும் எழுதி வைக்கப்படுவதில்லை. புகார் வாங்குவதோடு நம் கடமை முடிகிறது, ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. பெஞ்சைத் தட்டிய அந்த விரலும் இதே விதிப்படிதான் நடந்தது, அளவுதான் வேறு.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பத்திரிகைகள் அதில் கைக்கயிறையும் நெற்றிப் பொட்டையும் பிடித்துக்கொண்டன, தொலைக்காட்சிகளில் அதைப் பற்றியே விவாதம். எனக்கு அதில் பெரிதாகப் பட்டது, அதிக மாணவர்கள் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்று ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற பரிந்துரை. மதிப்பெண் போடாத, பாடம் நடத்தாத, புகாரைக் கேட்பதும் தொடர்வதும் மட்டுமே வேலையாக உள்ள ஒருவர். நாளந்தா தந்த பாடமும் இதேதான். கயிற்றை ஒரு சுற்றறிக்கையில் தடை செய்துவிடலாம். அலுவலருக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். எது பேசப்பட்டது, எது பேசப்படவில்லை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

6

அப்படியானால் தண்டனையே வேண்டாமா? வேண்டும், அதற்குரிய இடத்தில். அரிவாள், பாலியல் துன்புறுத்தல், பணம் பறித்தல், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது இவையெல்லாம் பள்ளிக்குள் பேசித் தீர்க்கிற காரியம் அல்ல. செய்தவன் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்துக்குப் போக்சோ இருக்கிறது, அவற்றின் வழியில் போக வேண்டும். பேசித் தீர்க்கிறோம் என்று ஊர்ப் பெரியவர்களை அழைத்து வந்து குற்றத்தை மூடுவதற்கு, பள்ளி முழுவதற்குமான திட்டம் என்று பெயர் வைத்துவிடக் கூடாது. அந்த அபாயம் நம் பக்கத்தில் நிறையவே உண்டு.

அதற்குக் கீழான நிகழ்ச்சிகளிலும் கண்டிப்பு இருக்கலாம். இங்கே என் கட்சிக்கு எதிரான ஒரு சான்றையும் சொல்லியாக வேண்டும். கிவா பள்ளிகளில் சிலவற்றில் வதைப்பவனிடம், நீ செய்தது தவறு, உடனே நிறுத்து என்று நேருக்கு நேர் சொன்னார்கள். சிலவற்றில் குற்றம் சாட்டாமல், அவன் கஷ்டப்படுகிறான், என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். இரண்டாவது முறைதான் சிறந்தது என்று என்னைப் போன்றவர்கள் நினைத்தோம். ஆய்வில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. ஆக, கடிந்து பேசினோமா, இதமாகப் பேசினோமா என்பதைவிட, பேசிய பிறகு இரண்டு வாரத்தில் திரும்ப அழைத்துக் கேட்டோமா என்பதே வித்தியாசம் செய்கிறது என்று நினைக்கிறேன். நான் லாரிக்காரர் மகனை அடித்த பிறகு ஒருமுறைகூடத் திக்குகிற பையனை அழைத்து, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெஞ்சுச் சத்தத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரிந்திருக்கும். அதை எனக்குப் பல மாதம் கழித்து, அவன் போன பிறகு, கிளாஸ் லீடர்தான் சொன்னான்.

இத்துடன் என் பேச்சு முடிந்தது. கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். அவர்கள் பள்ளியிலும் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறதாம். "அதுல எழுதிப் போட்டா என் பேரு வெளிய வருமாங்க ஐயா?" என்றாள்.

14417, 1098 என்ற இரண்டு உதவி எண்களையும் முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். பிறகு, "பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியையைப் பார்த்தாள். அவர் கைப்பையைத் திறந்து தேடத் தொடங்கினார்.